இரண்டு தொகைகளுக்கு நடுவே சிக்கும் பரப்பு

ஒரு மின்சார ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிறது. உள்ளே ஒருவர் பத்து விநாடிக்கு ஒரு முறை வேகமானியைப் பார்த்து, எண்ணை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது 0. பத்தாவது விநாடியில் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். அடுத்தடுத்த குறிப்புகள் 9, 12, 14, 15. அறுபதாவது விநாடியில் 16. இந்த ஒரு நிமிடத்தில் டிரைவர் பிரேக்கைத் தொடவே இல்லை. வேகம் ஒரு கணம்கூடக் குறையவில்லை. கையில் இருப்பது இந்த ஏழு எண்கள்தான். ரயில் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

சரியான விடையைச் சொல்ல வழியில்லை. குறிப்பெடுத்த நேரங்களுக்கு இடையில் வேகம் எப்படி ஏறியது என்பது நமக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றை அடித்துச் சொல்லலாம்: ரயில் 550 மீட்டருக்குக் குறையாமல் போயிருக்கிறது, 710 மீட்டரைத் தாண்டவில்லை. இது உத்தேசம் இல்லை. வேகம் குறையவே இல்லை என்ற ஒரே ஒரு தகவலை நம்பினால் போதும், இந்த இரண்டு எண்களையும் யாராலும் அசைக்க முடியாது.

எப்படி என்று பார்ப்போம். முதல் பத்து விநாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வேகம் 0, முடிவில் 5. நடுவில் எந்தக் கணத்திலும் வேகம் 0-க்குக் கீழே இல்லை, 5-க்கு மேலே இல்லை. ஆகவே அந்தப் பத்து விநாடியில் ரயில் போன தூரம் 0 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையில் எங்கோ இருந்தாக வேண்டும். அடுத்த பத்து விநாடியில் வேகம் 5-லிருந்து 9-க்கு ஏறுகிறது. அங்கே தூரம் 50-க்கும் 90-க்கும் நடுவில். இப்படியே ஆறு துண்டுகளுக்கும் போட்டு, ஒவ்வொரு துண்டின் தொடக்க வேகத்தை எடுத்துக் கூட்டினால் 0 + 50 + 90 + 120 + 140 + 150, அதாவது 550. முடிவு வேகத்தை எடுத்துக் கூட்டினால் 50 + 90 + 120 + 140 + 150 + 160, அதாவது 710.

இதையே வரைபடமாகப் போட்டால் விஷயம் கண்ணுக்குத் தெரியும். படுக்கை அச்சில் நேரம், நிமிர்ந்த அச்சில் வேகம். ரயிலின் வேகம் இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும் ஒரு வளைகோடு. அந்தக் கோட்டுக்கும் படுக்கை அச்சுக்கும் இடையே அடைபட்ட பரப்புதான் ரயில் போன தூரம். பத்து விநாடி அகலமுள்ள ஆறு பட்டைகளாக அதை வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு செவ்வகம் நிறுத்துகிறோம். பட்டையின் இடது ஓரத்தில் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதையே செவ்வகத்தின் உயரமாக வைத்தால், எல்லாச் செவ்வகங்களையும் சேர்த்துக் கிடைப்பது இடது கூட்டுத்தொகை. வலது ஓரத்து உயரத்தை வைத்தால் வலது கூட்டுத்தொகை. பிளஸ் டூ கணிதம் படித்தவர்கள் இடதுமுனை விதி, வலதுமுனை விதி என்ற பெயர்களில் இவற்றைப் பார்த்திருப்பார்கள்.

மேல் கூட்டுத்தொகை, கீழ் கூட்டுத்தொகை என்பவை வேறு. அவற்றுக்கு இடது, வலது என்ற கணக்கே கிடையாது. ஒரு பட்டைக்குள் கோடு எங்கெல்லாம் போகிறது என்று பார்த்து, அது தொடும் மிக உயர்ந்த மட்டத்தில் செவ்வகத்தை நிறுத்தினால் மேல் கூட்டுத்தொகை. மிகத் தாழ்ந்த மட்டத்தில் நிறுத்தினால் கீழ் கூட்டுத்தொகை. மேல் செவ்வகம் கோட்டை முழுசாகத் தனக்குள் அடக்கிவிடும்; கீழ் செவ்வகம் கோட்டுக்குள் முழுசாக அடங்கிவிடும். அதனால் உண்மைப் பரப்பு எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இது எந்த வளைகோட்டுக்கும் பொருந்தும்.

ஏறிக்கொண்டே போகும் கோட்டுக்கு இருக்கும் சௌகரியம் இங்கேதான் வருகிறது. பொதுவான ஒரு கோட்டில் மிக உயர்ந்த மட்டத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பட்டைக்குள்ளும் தேட வேண்டும். அது எங்கே ஒளிந்திருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஏறும் சார்பில் தேடவே வேண்டாம். தாழ்ந்த மட்டம் இடது ஓரத்தில், உயர்ந்த மட்டம் வலது ஓரத்தில். இடது கூட்டுத்தொகையே கீழ் கூட்டுத்தொகை, வலது கூட்டுத்தொகையே மேல் கூட்டுத்தொகை. கணக்கிடச் சுலபமான இரண்டும், உண்மையைப் பூட்டி வைக்கும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் வேகமானியின் ஏழு எண்களே நமக்குப் போதுமானதாக இருந்தன.

அடுத்த கேள்வி, இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? நம் ரயிலுக்கு 710-லிருந்து 550 போக 160 மீட்டர். இந்த 160 எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு கூட்டல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 50, 90, 120, 140, 150 ஆகிய ஐந்தும் இரண்டிலும் இருக்கின்றன. கழிக்கும்போது அவை அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது கடைசி 160-உம் முதல் 0-உம் மட்டுமே. நடுவில் ரயில் எப்படி ஓடியது என்பது இடைவெளியைத் துளியும் பாதிக்கவில்லை.

படத்திலும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பட்டையிலும் பெரிய செவ்வகத்துக்கும் சின்னச் செவ்வகத்துக்கும் உள்ள வித்தியாசம் மேலே ஒரு சிறு பெட்டியாக நிற்கும். உண்மையான கோடு அந்தப் பெட்டியின் இடது கீழ் மூலையில் நுழைந்து வலது மேல் மூலையில் வெளியேறுகிறது. ஆறு பட்டைக்கும் ஆறு பெட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே அகலம். ஒரு பெட்டி முடியும் உயரத்தில்தான் அடுத்த பெட்டி தொடங்குகிறது. ஆகவே எல்லாவற்றையும் பக்கவாட்டில் தள்ளிக் கடைசிப் பட்டைக்குக் கொண்டுவந்தால், மேஜை இழுப்பறைகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்தில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். கிடைப்பது ஒரே ஒரு தூண்: அகலம் 10 விநாடி, உயரம் விநாடிக்கு 16 மீட்டர். பரப்பு 160.

ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’வின் முதல் புத்தகத்தில், தொடக்கத்திலேயே வரும் இரண்டாம் துணைத்தேற்றம் இதைத்தான் சொல்கிறது. கோள்களின் இயக்கத்துக்குப் போகும் முன்பு, வளைகோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் செவ்வகங்கள் வரைந்து, அவற்றின் வித்தியாசம் ஒரே ஒரு செவ்வகத்துக்குச் சமம் என்று காட்டுகிறார். அவருடைய படத்தில் கோடு ஏறவில்லை, இறங்குகிறது. இறங்கும் கோட்டில் இடது தொகை மேலாகவும் வலது தொகை கீழாகவும் இடம் மாறும். வாதத்தில் வேறு மாற்றமில்லை. பட்டைகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்தச் செவ்வகத்தின் அகலம் சுருங்குகிறது, உயரமோ மாறுவதில்லை. ஆகவே வித்தியாசத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம் என்பது அவர் முடிவு.

நம் கணக்கில் பட்டைகளின் எண்ணிக்கையை n என்று வைத்தால், ஒவ்வொன்றின் அகலம் 60/n விநாடி. இடைவெளி 960/n மீட்டர். ஐந்து விநாடிக்கு ஒரு முறை குறித்தால் 12 பட்டை, இடைவெளி 80 மீட்டர். ஒரு மீட்டருக்குள் தூரத்தை மடக்க வேண்டுமானால் 960 பட்டைகள், அதாவது விநாடிக்கு 16 முறை வேகத்தைக் குறிக்க வேண்டும். கவனியுங்கள், உண்மையான விடை தெரியாமலேயே, கணக்கைத் தொடங்கும் முன்பே, எத்தனை பட்டை போட்டால் எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்று எழுதி வைத்துவிட முடிகிறது. கூடவே ஒரு கசப்பும் இருக்கிறது: இன்னும் ஒரு தசம இடம் துல்லியம் வேண்டுமென்றால் பட்டைகளைப் பத்து மடங்காக்க வேண்டும். இந்த முறை உறுதியானது, ஆனால் மெதுவானது.

பட்டைகள் ஒரே அகலத்தில் இருந்தாக வேண்டுமா? வேண்டாம். நியூட்டனின் அடுத்த துணைத்தேற்றமே இதற்குப் பதில். அகலங்கள் வெவ்வேறாக இருந்தால், இருப்பதிலேயே அகலமான பட்டையை எடுத்து அதே தூணைக் கட்டுங்கள். எல்லாப் பெட்டிகளும் அதற்குள் அடங்கிவிடும். அந்த மிகப் பெரிய அகலம் சுருங்கினால் போதும்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு யோசனை கிடைக்கிறது. நம் ரயிலின் ஆறு பெட்டிகளின் பரப்பு முறையே 50, 40, 30, 20, 10, 10. வேகம் சட்டென்று ஏறிய முதல் பத்து விநாடியில் சந்தேகம் அதிகம். வேகம் நிலைக்கு வந்துவிட்ட கடைசியில் குறைவு. இன்னும் ஒரே ஒரு முறை வேகமானியைப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தால் எப்போது பார்ப்பது? ஐந்தாவது விநாடியில்தான். அப்போது வேகம் 3 என்று தெரிந்தால், முதல் பெட்டியின் இடத்தில் இரண்டு சிறு பெட்டிகள் வரும்: அகலம் 5 உயரம் 3, அகலம் 5 உயரம் 2. மொத்தம் 25. கீழ்த்தொகை 550-லிருந்து 565-க்கு ஏறுகிறது, மேல்தொகை 710-லிருந்து 700-க்கு இறங்குகிறது. அதே ஒரு பார்வையை 55-ஆவது விநாடியில் செலவழித்திருந்தால் மிச்சமாவது 5 மீட்டர் மட்டுமே. கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் பட்டையை நெருக்கமாகப் போடு, தட்டையாகப் போகும் இடத்தில் அகலமாக விடு என்பது இங்கிருந்து வரும் விதி.

புதிதாக ஒரு வெட்டுப் போடும்போது கீழ்த்தொகை இறங்குவதே இல்லை, மேல்தொகை ஏறுவதே இல்லை என்பதையும் இந்த உதாரணம் காட்டுகிறது. ஏற்கெனவே போட்ட வெட்டுகளை அழிக்காமல் மேலும் மேலும் வெட்டிக்கொண்டே போனால், இரண்டு எல்லைகளும் ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டே வருகின்றன.

அப்படி நெருங்கி ஓர் எண்ணில் போய்ச் சேர்வதை முழுசாகப் பார்க்க, ரயிலை விட்டுவிட்டு y = x² என்ற கோட்டுக்கு வருவோம். x, 0-லிருந்து 1 வரை. பட்டைகள் பத்து. இடது உயரங்கள் 0, 0.01, 0.04 என்று 0.81 வரை, வலது உயரங்கள் 0.01-இல் தொடங்கி 1 வரை. கூட்டி 0.1-ஆல் பெருக்கினால் இடது தொகை 0.285, வலது தொகை 0.385. நூறு பட்டை போட்டால் 0.32835, 0.33835. ஆயிரம் போட்டால் 0.3328335, 0.3338335. ஒவ்வொரு முறையும் இடைவெளி சரியாக 1/n. தூணின் உயரம் 1 என்பதால் அது அப்படித்தான் இருக்கும்.

மூன்றில் ஒரு பங்கை நோக்கிப் போவது போலத் தெரிகிறது. ஆனால் தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. 1 முதல் n வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டும் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், வலது தொகை 1/3 + 1/(2n) + 1/(6n²) என்று வருகிறது. இடது தொகை 1/3 − 1/(2n) + 1/(6n²). முதலாவது எப்போதும் 1/3-ஐவிடப் பெரிது, இரண்டாவது எப்போதும் சிறிது. இப்போது யாராவது வந்து உண்மைப் பரப்பு 1/3-ஐவிட ஒரு மயிரிழை அதிகம் என்று வாதாடினால், n-ஐப் பெரிதாக்கி வலது தொகையை அவர் சொல்லும் எண்ணுக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். வலது தொகை உண்மைப் பரப்புக்குக் கீழே போக முடியாதே! ஒரு மயிரிழை குறைவு என்பவருக்கு இடது தொகை இதே பதிலைச் சொல்லும். இரண்டு பக்கமும் வழி அடைபட்ட பிறகு மிஞ்சும் ஒரே எண் 1/3.

இந்த வாதத்துக்கு வயது 2,200 ஆண்டுகளுக்கு மேல். சிராக்யூஸில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், சுருள்களைப் பற்றிய தம் நூலில், மையத்திலிருந்து சீராக விரிந்துகொண்டே போகும் சுருளின் முதல் சுற்று அடைக்கும் பரப்பு, அதைச் சூழ்ந்த வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று நிறுவினார். சுருள் மையத்திலிருந்து தூரம் கூடிக்கொண்டே போவது. அதாவது ஏறும் சார்பு. அவர் செவ்வகங்களுக்குப் பதிலாக வட்டத்தின் ஆரைத் துண்டுகளை உள்ளேயும் வெளியேயும் வைத்தார். இரண்டு தொகுதிக்கும் உள்ள வித்தியாசம் கடைசியாக வரும் மிகப் பெரிய ஒரே துண்டுக்குச் சமம். ஆரைத் துண்டின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வட்டத்தைப் பத்தாகப் பிரித்தால் உள்தொகையும் வெளித்தொகையும் வட்டத்தில் 0.285 பங்கு, 0.385 பங்கு என்றே வரும். மேலே நாம் பார்த்த அதே எண்கள்.

இந்த வாதம் எங்கேயும் கோடு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கோடு நடுவில் படிக்கட்டு போலச் சட்டென்று தாவினாலும் பரவாயில்லை. தாவும் இடத்தில் ஒரு பெட்டி உயரமாக நிற்கும், அவ்வளவுதான். தூணின் மொத்த உயரம் மாறாது. ஏறிக்கொண்டே இருப்பதும், இரண்டு ஓரங்களிலும் உயரம் ஓர் எண்ணாக இருப்பதும் போதும். 1-ஐ நெருங்கும்போது முடிவில்லாமல் உயரும் 1/(1−x) போன்ற கோட்டில் மட்டும் கடைசிப் பெட்டிக்கு மேல்மூடியே இருக்காது. அங்கே மேல்தொகை என்று ஒன்றை எழுதவே முடியாது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கோடு ஏறிவிட்டு இறங்கினால், இடது தொகையும் வலது தொகையும் உண்மையைப் பூட்டி வைக்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். sin x என்ற கோட்டை 0-லிருந்து π வரை எடுத்துக்கொள்ளுங்கள். 0-இல் தொடங்கி, நடுவில் 1 வரை ஏறி, மறுபடி 0-க்கு இறங்கும். அதன் பரப்பு சரியாக 2. நான்கு பட்டைகள் போட்டால் இடது தொகை 1.896, வலது தொகையும் 1.896! முதல் உயரமும் கடைசி உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. இடைவெளி பூஜ்யம், ஆகவே விடை மிகச் சரி என்று நினைத்தால் ஏமாந்தோம். இரண்டுமே உண்மைக்குக் கீழே இருக்கின்றன. ஒரு ஸ்டேஷனில் கிளம்பி அடுத்த ஸ்டேஷனில் நிற்கும் ரயிலுக்கும் இதே கதைதான். இரண்டு முனையிலும் வேகம் 0.

இதே நான்கு பட்டையில் மேல், கீழ் கூட்டுத்தொகைகளைப் போட்டால் 2.68-உம் 1.11-உம் வருகின்றன. இடைவெளி பெரிதுதான், ஆனால் 2 அதற்குள் பத்திரமாக இருக்கிறது. பெரிய இடைவெளியோடு உண்மையைச் சொல்லும் ஜோடி, இடைவெளியே இல்லாமல் தவறு செய்யும் ஜோடியைவிட மேல். சரிசெய்வதும் எளிது: கோட்டை உச்சியில் வெட்டி இரண்டாக்குங்கள். ஏறும் பாதியில் இடது கீழ், வலது மேல். இறங்கும் பாதியில் இடது மேல், வலது கீழ். இரண்டு பாதிகளின் கீழ்த்தொகைகளைத் தனியாகவும் மேல்தொகைகளைத் தனியாகவும் சேர்த்தால் உத்தரவாதம் திரும்பி வந்துவிடும். எந்தக் கோட்டுக்கும் பொருந்தும்படி மேல், கீழ் தொகைகளை முறையாக வகுத்து, தொகையிடலுக்கு அவற்றை அடித்தளமாக்கியவர் பிரெஞ்சுக் கணிதர் காஸ்டன் டார்பூ, ஆண்டு 1875.

இரண்டு தொகைகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நல்ல யோசனைதான். x² கோட்டுக்குப் பத்துப் பட்டையில் சராசரி 0.335, உண்மையிலிருந்து 0.002-க்கும் குறைவான விலகல். ஆனால் சராசரி ஓர் ஒற்றை எண். அது உண்மைக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று அதுவே சொல்லாது. அதற்குக் கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதும் தெரிய வேண்டும். ரயில் கணக்கில் 630 மீட்டர் என்று சராசரி சொல்லும் நமக்கு, 80 மீட்டருக்கு மேல் தவறு இருக்காது என்ற தைரியத்தைக் கொடுப்பதும் அந்த 550-உம் 710-உம்தான்.

ஒரு கிராப் தாளும் கால்குலேட்டரும் இருந்தால் நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள். y = √x என்ற கோட்டை 0-லிருந்து 1 வரை வரைந்து, பத்துப் பட்டை போடுங்கள். இடது தொகை 0.6105, வலது தொகை 0.7105 வர வேண்டும். உண்மைப் பரப்பு 2/3. ஏனென்றால் இது x² கோட்டையே திருப்பிப் போட்டது, சதுரத்தில் அது விட்டுவைத்த மீதிதான் இது. சராசரி இந்த முறை 2/3-க்குக் கீழே நிற்பதைக் கவனியுங்கள். பிறகு இதே பத்துப் பட்டைகளை 0-க்கு அருகில் நெருக்கியும் 1-க்கு அருகில் அகட்டியும் போட்டு, இடைவெளி 0.1-லிருந்து எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுங்கள்.